ஜப்பான் கடை ஆப்பில் பாயிண்ட், கூப்பன், ஸ்டாம்ப்: ஒரே திரையில் மூன்று கெடு

"ஜப்பானுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டுப் பக்கத்து மருந்துக்கடை ஆப்பில் பாயிண்ட் சேர்த்து வருகிறேன். போன மாதம் 1,240 இருந்தது, இப்போது 940 காட்டுகிறது. நான் ஒன்றும் செலவழிக்கவில்லை. 31 வரை என்று போட்டிருந்த 15% கூப்பனை 30ஆம் தேதியே காட்டினேன், செல்லாது என்றார்கள். ஸ்டாம்ப் கார்டில் 8 இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு பில் போட்டும் ஒன்றுதான் விழுந்தது. இந்தத் திரையை எப்படித்தான் படிப்பது?"

முதலில் அந்த 300. ஆப்பில் ポイント履歴 என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள், அதுதான் பாயிண்ட் வரலாறு. போன மாதக் கடைசி நாளுக்கு நேரே 失効 என்ற இரண்டு எழுத்தும் பக்கத்தில் -300 என்றும் இருந்தால், அது திருட்டும் இல்லை, கோளாறும் இல்லை, காலாவதியாகியிருக்கிறது. அப்படிப் போனது அநேகமாக 期間限定ポイント ஆகத்தான் இருக்கும். "கிகான் கென்தெய்" என்று படிப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் பாயிண்ட். சாதாரண பாயிண்டுக்கு 通常ポイント என்று பெயர். முகப்புத் திரையில் பெரிய எழுத்தில் தெரியும் எண் இரண்டும் சேர்ந்த மொத்தம். அதன் கீழே பொடி எழுத்தில் うち期間限定 300 என்று ஒரு வரி இருந்திருக்கும். "இதில் இவ்வளவு காலக்கெடு உள்ளது" என்பதுதான் அந்த வரி சொல்வது. கண்ணில் படாத அளவுக்குத்தான் அதைப் போடுவார்கள்.

அந்த 300 எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்கலாம். மருந்துக்கடைகளில் ポイント5倍 என்று கொடி கட்டும் நாட்கள் உண்டு. ஐந்து மடங்கு பாயிண்ட். உங்கள் கடையின் விதி வரி நீங்கலாக 100 யெனுக்கு 1 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளில் 7,500 யெனுக்கு வாங்கினால் 75 பாயிண்ட் வழக்கம்போல் அன்றே ஏறும். மீதி நான்கு மடங்கு, அதாவது 300, அன்றைக்கு வராது. அது 付与予定 என்ற தலைப்பின் கீழ், "தரப்பட இருப்பவை" என்ற கணக்கில் நிற்கும். அடுத்த மாத நடுவில் காலக்கெடு பாயிண்டாக வந்து சேரும். கெடுவை 付与月の翌月末 என்று எழுதியிருப்பார்கள்: பாயிண்ட் வந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாள். மே 12ஆம் தேதி வாங்கியதற்கு ஜூன் 15ஆம் தேதி 300 வந்தால், ஜூலை 31 இரவோடு அது போய்விடும். கைக்கு வந்த பிறகு ஆறு வாரம்தான் ஆயுள். ஐந்து மடங்கு என்று கொடி கட்டிய கடை, அதில் நான்கு பங்கைத் தருவது இந்த ஆயுளோடுதான்.

மடங்கு என்பதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. 20倍 என்று பார்த்ததும் 20 சதவீதம் என்று மனதில் கணக்கு ஓடும். 100 யெனுக்கு 1 பாயிண்ட் தரும் கடையில் அது சரி. 200 யெனுக்கு 1 தரும் கடையில் அதே 20 மடங்கு 10 சதவீதம்தான். 最大 என்ற சொல் முன்னால் இருந்தால் "அதிகபட்சம்" என்று அர்த்தம். அந்த அதிகபட்சத்தை எட்ட, ஆப்பில் முன்பதிவு செய்வது, குறிப்பிட்ட முறையில் பணம் கட்டுவது என்று அடுத்தடுத்து நிபந்தனைகள் கீழே வரிசையாக இருக்கும்.

சரி, மீதமிருக்கும் 940 எப்போது போகும்? சாதாரண பாயிண்டின் கெடு கடைக்குக் கடை வேறு. ஆனால் அதை அமைக்கும் விதத்தில் ஜப்பானில் அடிக்கடி பார்ப்பவை மூன்று. பெரிய பொதுப் பாயிண்ட் திட்டங்களிலிருந்தே மூன்றுக்கும் உதாரணம் சொல்லலாம். ராக்குடென் பாயிண்டில், கடைசியாகப் பாயிண்ட் சேர்த்த மாதத்தையும் சேர்த்து ஒரு வருடம். இடையில் புதிதாகச் சேர்த்தால் கெடு மொத்தமாகத் தள்ளிப்போகும், செலவழிப்பதால் தள்ளிப்போகாது. பொன்டாவில் சேர்த்தாலும் செலவழித்தாலும் தள்ளிப்போகும்: கடைசியாக ஏதாவது ஒன்று நடந்த நாளிலிருந்து 12 மாதம் கழித்து வரும் மாதக் கடைசி வரை. நானாகோ பாயிண்டில் நீங்கள் என்ன செய்தாலும் கெடு நகராது. ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை சேர்ந்ததெல்லாம் அதற்கும் அடுத்த மார்ச் 31 வரை செல்லும், அவ்வளவுதான். ஏப்ரலில் சேர்த்ததற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கிடைக்கும். மார்ச் கடைசியில் சேர்த்ததற்கு ஒரே வருடம்.

உங்கள் கடை எந்த வகை என்று பார்க்க 有効期限 என்ற நான்கு எழுத்தைத் தேடுங்கள். "யூகோ கிகென்", செல்லுபடிக் கெடு. அதன் அருகே 最終お買い上げ日から1年 என்று இருந்தால் கடைசியாகப் பொருள் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம். இங்கே "வாங்கிய" என்பதை அழுத்திப் படிக்கவேண்டும். ஆப்பைத் தினமும் திறந்தால் தரும் ஒரு பாயிண்ட், சக்கரம் சுற்றினால் விழும் இரண்டு பாயிண்ட், கேள்வித்தாள் நிரப்பினால் தரும் ஐந்து பாயிண்ட், இதெல்லாம் வாங்கியதாகாது. தினமும் பாயிண்ட் விழுகிறதே, கெடு தள்ளிப்போகும் என்று நம்பி, ஒரு வருடம் கடைக்கே போகாமல் இருந்துவிட்டால் மொத்தமும் போகும். ராக்குடெனிலும் இதே கதைதான்: காலக்கெடு பாயிண்ட் வந்தால் சாதாரண பாயிண்டின் கெடு நகராது.

தேதியைப் படிப்பதிலும் நம்மவர்கள் தடுமாறும் இடம் உண்டு. ஜப்பானில் வருடம், மாதம், நாள் என்ற வரிசை. 25/03/04 என்று இருந்தால் 2025 மார்ச் 4. நம் பழக்கத்தில் படித்தால் 25 மார்ச் 2004 என்று வந்து, "இது என்ன பழைய தேதி" என்று தள்ளிவிடுவோம். 翌月 அடுத்த மாதம், 翌々月 அதற்கும் அடுத்த மாதம். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன 々 குறி ஒரு முழு மாதத்தைக் கூட்டுகிறது. 末日 என்றால் மாதக் கடைசி நாள். まで என்று முடிந்தால் அந்த நாளும் சேர்த்தி. 未満 என்றால் அந்த அளவு சேராது, 以上 என்றால் சேரும். 500円以上 என்றால் சரியாக 500 யென் போதும்.

இப்போது கூப்பனுக்கு வருவோம். 31 வரை என்று இருந்தும் 30ஆம் தேதி எடுக்கவில்லை என்றால் கெடுவைத் தவிர வேறு காரணம் இருக்கவேண்டும். அல்லது நீங்கள் பார்த்த 31 வேறொன்றின் கெடுவாக இருக்கவேண்டும். ஒரு கூப்பனில் இரண்டு தேதி இருப்பது சகஜம். 獲得期間 என்பது கூப்பனை உங்கள் கணக்கில் எடுத்து வைக்கும் காலம். 利用期間 என்பது அதைக் கடையில் பயன்படுத்தும் காலம். பட்டியல் பக்கத்தில் முதல் தேதியைப் பெரிதாகப் போட்டுவிட்டு, இரண்டாவதை உள்ளே போட்டிருப்பார்கள். எடுத்து வைக்காமலே நேரே கவுன்டரில் காட்டினாலும் எடுக்காது. セット அல்லது 選択 என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை முதலில் தட்டி, அதன் பிறகுதான் உறுப்பினர் பார்கோடைத் திறக்கவேண்டும். சில ஆப்களில் நீங்கள் எந்தக் கூப்பனைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதும் அந்தப் பார்கோடுக்குள்ளேயே போகிறது. பார்கோடைக் காட்டிவிட்டுக் கூப்பனைத் தட்டினால், பில் மெஷினுக்கு அந்தத் தகவல் போயிருக்காது.

கெடுவும் சரி, பொத்தானும் தட்டியாகிவிட்டது என்றால் பொருளைப் பாருங்கள். கூப்பனின் அடியில் 対象外 என்று ஒரு பட்டியல் இருக்கும், "இவற்றுக்குச் செல்லாது". சிகரெட், பரிசு அட்டை, ப்ரீபெய்ட் கார்டு, தபால்தலை, மின்கட்டணம் போன்ற பில்கள், நகராட்சி குறித்த குப்பைப் பை, இவை ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் விலக்கு. மருந்துக்கடை என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம்: 調剤, அதாவது டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்து. காப்பீட்டில் வரும் சீட்டு மருந்துக்கு நாம் கட்டும் பங்கின் மேல் பாயிண்ட் தரக்கூடாது என்று 2012 அக்டோபரிலிருந்து சுகாதார அமைச்சகத்தின் விதியே இருக்கிறது. அந்தக் கவுன்டரில் பாயிண்ட் விழவில்லை, கூப்பன் எடுக்கவில்லை என்று கடைக்காரரிடம் பேசிப் பயனில்லை. மாலையில் மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்த உணவும் பல கூப்பன்களில் விலக்கு. 値引き品 என்று எழுதியிருக்கும்.

அப்புறம் 併用不可. "சேர்த்துப் பயன்படுத்த முடியாது". இது எதோடு சேராது என்பதைக் கவனியுங்கள். வேறு கூப்பனோடு மட்டுமா, கடையின் எல்லாத் தள்ளுபடியோடுமா, பாயிண்டோடுமா? பொதுவாகப் பாயிண்டைச் செலவழிப்பது தள்ளுபடியாகக் கருதப்படுவதில்லை, பணம் கட்டும் வழி என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் கூப்பனும் பாயிண்டும் சேரும். கூப்பனும் கூப்பனும்தான் சேராது. お一人様1回限り என்றால் ஒருவருக்கு ஒரே முறை. 1会計1枚 என்றால் ஒரு பில்லுக்கு ஒன்று. பின்னதில் இரண்டு பில்லாகப் பிரித்தால் இரண்டு கூப்பன் செல்லும். முன்னதில் எத்தனை பில் போட்டாலும் செல்லாது.

இந்த வகையில் மிகக் கறாரானது 使用する பொத்தான் உள்ள கூப்பன்கள். தட்டியதும் சில நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்று திரையில் தோன்றும், அது முடிந்ததும் 使用済み என்று சாம்பல் நிறமாகிவிடும். வரிசையில் நிற்கும்போதே தட்டிவிட்டால் கவுன்டருக்குப் போவதற்குள் முடிந்துபோகும். பல ஆப்களில் அந்தப் பொத்தானுக்கு மேலேயே, ஊழியர்தான் தட்டவேண்டும், வாடிக்கையாளர் தொடவேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். スタッフ என்ற சொல் கண்ணில் பட்டால் போனை அப்படியே நீட்டிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காட்டுவதும் எடுபடாது. திரையில் ஓடும் நேரமோ அசையும் படமோ இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இரவுக் கடைகளில் ஒரு சிறு விஷயம். சில கடைகளின் வாசலில் 25:00 வரை திறந்திருக்கும் என்று எழுதியிருக்கும். அது இரவு 1 மணி. அந்த நாளின் வியாபாரம் தொடர்கிறது என்ற கணக்கு. ஆனால் கூப்பனின் கெடு பெரும்பாலும் 23:59. 31ஆம் தேதி இரவு 12:20க்கு, கடைக்கு இன்னும் 31தான் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றால் ஆப்புக்கு அது 1ஆம் தேதி.

இனி ஸ்டாம்ப் கார்டு. ஒரே நாளில் இரண்டு பில் போட்டும் ஒன்று விழுந்ததற்கு விதி 1日1個まで: ஒரு நாளைக்கு ஒன்று. அதன் அருகிலேயே 500円(税込)以上のお買い上げで என்பது போல ஒரு குறைந்தபட்சத் தொகையும் இருக்கும். 5,000 யெனுக்கு வாங்கினாலும் ஒன்றுதான். ஐந்து மடங்கு நாளிலும் ஒன்றுதான். மடங்கு பாயிண்டுக்கு மட்டும். பாயிண்ட் எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று பார்க்கிறது. ஸ்டாம்ப் எத்தனை நாள் வருகிறீர்கள் என்று பார்க்கிறது.

அந்தக் குறைந்தபட்சத் தொகை எந்தக் கட்டத்தில் பார்க்கப்படுகிறது என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். 値引き後 என்று இருந்தால் தள்ளுபடி போன பிறகு மிஞ்சும் தொகை. வரி சேர்த்து 550 யென் வரும் ஷாம்பு பாக்கெட் ஒன்றை எடுத்து 10% கூப்பனைப் போட்டால் 495. ஸ்டாம்ப் கிடையாது. 55 யென் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு நாளின் ஸ்டாம்ப் போயிற்று. அன்றைக்குக் கூப்பனைத் தொடாமல் இருந்திருந்தால் வந்திருக்கும், அல்லது கூடவே ஒரு தண்ணீர்ப் பாட்டில் எடுத்திருந்தாலும் வந்திருக்கும். பாயிண்டை வைத்துக் கட்டும் தொகையையும் சில கடைகள் கழித்துவிட்டுத்தான் பார்க்கும். அதை ポイント利用分を除く என்ற வரி சொல்லும்.

உங்கள் 8 ஸ்டாம்புக்கு இதைவிட அவசரமான கேள்வி, கார்டின் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது. 初回スタンプ獲得日から6か月 என்றால் முதல் ஸ்டாம்ப் விழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இடையில் எத்தனை ஸ்டாம்ப் வாங்கினாலும் கெடு அசையாது. 最終スタンプ獲得日から என்றால் கடைசி ஸ்டாம்பிலிருந்து. ஒவ்வொரு ஸ்டாம்பும் கெடுவைத் தள்ளிவிடும். முதல் வகை என்று வைத்துக்கொண்டு, முதல் ஸ்டாம்ப் பிப்ரவரி 10, கார்டுக் கெடு ஆகஸ்ட் 9 என்று திரை காட்டுகிறது என்போம். あと2個, இன்னும் இரண்டு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்பதால் இரண்டு வெவ்வேறு நாள் வேண்டும். ஆகஸ்ட் 9ஆம் தேதி போய் இரண்டு பில் போட்டு முடித்துவிடலாம் என்பது நடக்காது. கடைசிப் பட்சம் 8ஆம் தேதி ஒருமுறை, 9ஆம் தேதி ஒருமுறை. மீதி எத்தனை ஸ்டாம்போ, அத்தனை நாள் கடையின் வாசலை மிதிக்கவேண்டும். திரையில் தெரியும் கெடுவிலிருந்து அவ்வளவையும் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

பத்தும் நிறைந்ததும் வேலை முடிந்துவிடாது. பரிசு 500 யென் கூப்பன் என்றால் அது தனிக் கூப்பன், அதற்குத் தனிக் கெடு. சில ஆப்களில் அது தானாக வரும். சிலவற்றில் 交換する என்பதைத் தட்டி நாமே மாற்றிக்கொள்ளவேண்டும். தட்டிய நாளிலிருந்து 30 நாள் போலக் கெடு ஓட ஆரம்பிக்கும். மாற்றாமல் விட்டால் அடுத்த கார்டு தொடங்காத ஆப்களும் உண்டு. அங்கே நிறைந்த கார்டோடு கடைக்குப் போய்வரும் நாட்களெல்லாம் ஸ்டாம்ப் இல்லாத நாட்கள். அதனால் நிறைந்த அன்றே மாற்றுவதா, தள்ளிப்போடுவதா என்பதற்கு ஒரே பதில் இல்லை. நிறைந்த கார்டுக்கும் கெடு உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் உடனே மாற்றிவிடுங்கள். இல்லை என்றால், பெரிய பில் போடப்போகும் நாளில் கவுன்டருக்குப் போவதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரே பில்லில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஷாம்பு 880, பால் 218, சீட்டு தேவையில்லாத வயிற்று மருந்து 1,180 யென். மூன்றும் வரி நீங்கலான விலை. அலமாரியில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் இந்த விலைதான். ஏதாவது ஒரு பொருளுக்கு 15% கூப்பன் கையில் இருக்கிறது. மருந்து விலக்குப் பட்டியலில் இல்லை என்றால் அதற்குப் போடுவதுதான் லாபம்: 177 யென் குறைந்து 1,003. மொத்தம் 2,101. பாலுக்கு உணவு என்பதால் 8% வரி, 17 யென். ஷாம்புக்கும் மருந்துக்கும் 10% வரி, 188 யென். கட்டவேண்டியது 2,306 யென். பாயிண்ட் வரி நீங்கலான 2,101 மேல்தான் கணக்கு: 21 பாயிண்ட், மிச்சம் 1 யென் உதிர்ந்துபோகும். பில்லில் 2,306 என்று இருக்க 23 வரவில்லையே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 税抜 என்ற இரண்டு எழுத்துதான் விடை. ஸ்டாம்ப் ஒன்று.

இதே பில்லில் 300 பாயிண்டைச் செலவழித்தால் கையிலிருந்து போவது 2,006 யென். பாயிண்ட் போட்டுக் கட்டிய பகுதிக்கும் பாயிண்ட் தரும் கடையில் அதே 21 விழும். தராத கடையில் 18 அளவுக்கு இறங்கும். மூன்று பாயிண்ட் என்பது மூன்று யென்; அதை நினைத்து, கெடு நெருங்கிய 300 பாயிண்டைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் இல்லை. காலக்கெடு பாயிண்டைக் கண்ணில் பட்ட முதல் பில்லிலேயே தீர்த்துவிடுங்கள். கெடு முதலில் வருவதைத்தான் பெரும்பாலான ஆப்கள் தாமாகவே முதலில் கழிக்கும், நாம் பிரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒரு தடை வரலாம். 500ポイントから என்றால் 500 சேர்ந்தால்தான் செலவழிக்க முடியும். 100ポイント単位 என்றால் நூறு நூறாகத்தான் போகும். முதல் வகைக் கடையில் கையில் மொத்தமே 300 காலக்கெடு பாயிண்ட் என்றால், அது பார்க்க மட்டும்தான்.

செலவழிக்க நாமே சொல்லவேண்டும், தானாகக் கழியாது. ஊழியர் பார்கோடைப் படித்ததும் "பொயின்தோ ஒ ட்சுகாய்மாஸ்" என்று சொன்னால் போதும், பாயிண்டைப் பயன்படுத்துகிறேன் என்று அர்த்தம். எவ்வளவு என்று கேட்பார்கள். முழுவதும் என்றால் "ஸென்பு". நாமே ஸ்கேன் செய்யும் மெஷினில் ポイントを使う பொத்தான் பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒருமுறைதான் வரும். அவசரத்தில் தாண்டிவிட்டால் ஊழியரைக் கூப்பிடவேண்டும். பார்கோடைப் பணம் கட்டிய பிறகு காட்டினால் பாயிண்டும் விழாது, ஸ்டாம்பும் விழாது. 後付け, அதாவது பின்னால் சேர்ப்பது, பல கடைகளில் கிடையாது. சேர்த்துத் தரும் கடைகளிலும் ரசீதோடு சில நாளுக்குள் போகவேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பாயிண்டைக் கழித்துக்கொள்வார்கள். பயன்படுத்திய கூப்பன் பெரும்பாலும் திரும்பி வராது.

அந்தக் காகித ரசீதைத் தூக்கிப்போடும் முன் அடிப்பகுதியைப் பாருங்கள். 今回ポイント இந்த முறை விழுந்தது, 累計ポイント மொத்தம். சில கடைகள் 失効予定 என்று, எந்தத் தேதியில் எவ்வளவு போகப்போகிறது என்பதையும் அங்கேயே அச்சடிக்கின்றன. ஆப்பில் நாலு பக்கம் புரட்டித் தேடவேண்டிய தகவல் அது.

திரையில் இன்னொரு எண்ணும் இருந்தால் அதைப் பாயிண்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: チャージ残高. நீங்கள் காசு கட்டி ஏற்றிய இருப்பு. கடை இலவசமாகத் தரும் பாயிண்டுக்கு, முன்கூட்டிக் கட்டிய பணத்தைக் காக்கும் ஜப்பானின் கட்டணச் சேவைச் சட்டம் பொருந்தாது. கடை விதியை மாற்றலாம், கெடு முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். காசு கட்டி ஏற்றிய இருப்பு, கெடு ஆறு மாதத்துக்கு மேல் உள்ளதாக இருந்தால் அந்தச் சட்டத்துக்குள் வரும். சேவையையே மூடினால் அதைத் திருப்பித் தரவேண்டும். அதனால் அவசரமாகச் செலவழிக்கவேண்டியது பாயிண்டைத்தான்.

போன் மாற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ஆப்பின் அமைப்புப் பக்கத்தில் 会員登録 முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ கொடுத்துப் பதிவு செய்யாமலே பார்கோடைத் தரும் ஆப்கள் உண்டு. அங்கே பாயிண்டெல்லாம் அந்தப் போனில் பதிந்த ஆப்போடு ஒட்டியிருக்கும். அழித்துவிட்டால் புது எண், புதுப் பூஜ்யம். பதிவு செய்திருந்தால் புதுப் போனில் 引き継ぎ என்ற வழியில் பழைய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கும்போது பாயிண்ட் வந்துவிடும், ஆனால் ஸ்டாம்பும் எடுத்து வைத்த கூப்பனும் வராத ஆப்களும் இருக்கின்றன. 8 ஸ்டாம்போடு இருக்கும் நீங்கள் பத்தையும் முடித்து, 500 யென் கூப்பனைச் செலவழித்துவிட்டே போனை மாற்றுங்கள்.